ஆவணியில் நான்கு பத்திரிகைகள்: மொய் எழுதுவதா, பொருள் கொடுப்பதா, யாருக்கு எவ்வளவு?

காரிமங்கலத்தான்:

அனைவருக்கும் வணக்கம். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டு மொய் நோட்டுகள் இரண்டும் என் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 2009-இல் அக்கா திருமணத்தில் எழுதியது, மற்றொன்று 2018-இல் என் திருமணத்தில் எழுதியது. இந்த ஆவணியில் நான்கு பத்திரிகைகள் வந்துள்ளன. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நான்கு திருமணங்களுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது.

முதலாவது, பாலக்கோட்டில் தாய்மாமன் மகள் திருமணம். மாமா அக்கா திருமணத்தில் அரைப் பவுன் தோடும் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுகளும் கொண்டுவந்ததோடு 5,001 ரூபாய் மொய்யும் எழுதினார். என் திருமணத்தில் மோதிரம் போட்டார், பணம் எழுதவில்லை. இரண்டாவது, எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரரும் அப்பாவின் நெடுநாள் நண்பருமான ஒருவரின் இளைய மகள் திருமணம். அவர் 2009-இல் 501 ரூபாயும் 2018-இல் 1,501 ரூபாயும் எழுதியிருக்கிறார். மூன்றாவது, பெரியப்பா பேரனின் திருமணம். அந்த வீட்டிலிருந்து 2018-இல் 2,001 வந்திருக்கிறது. நான்காவது, என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய வரவேற்பு. அவர் பெயர் எந்த நோட்டிலும் கிடையாது.

நண்பர் வீட்டுக்கு 501-ஐயும் 1,501-ஐயும் கூட்டி 2,002 கடன் என்று எடுத்துக்கொள்வதா, அல்லது அப்பாவுக்கு அவர் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பார்த்து ஐயாயிரமாகவே எழுதிவிடுவதா என்று தெரியவில்லை. மாமா வீட்டுக்குப் பணமா, பொருளா என்பதும் குழப்பமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி கிராம்கணக்கு:

பழைய மொய்யை ரூபாயாகப் பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. 2009-இல் ஐந்நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராம் தங்கம் கிடைத்தது. அதே எடைக்கு இன்றைய விலை மூவாயிரத்தைத் தாண்டும். ஆகவே அவர் எழுதிய 501-க்கு நீங்கள் 501-ஐ நினைத்துக்கொண்டிருந்தால் அவருடைய பணத்தில் பெரும்பகுதியை நீங்கள் வைத்துக்கொண்டதாகத்தான் பொருள். 2018-இல் எழுதியதையும் அப்படியே கிராமாக மாற்றிக் கூட்டிக்கொண்டு கொடுங்கள். அதுதான் நியாயம்.

ஊத்தங்கரை கணக்காளர்:

வரி குறித்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. திருமணத்தை ஒட்டி மணமகனுக்கோ மணமகளுக்கோ வரும் அன்பளிப்புக்கு, கொடுப்பவர் உறவினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருமான வரி கிடையாது. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி என்பது காதணி விழா, புதுமனைப் புகுவிழா போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். ஒரே நபரிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

காரிமங்கலத்தான்:

நன்றி ஐயா. ஆனால் நான் வாங்குபவன் அல்லன், எழுதப் போகிறவன். இரண்டு லட்சம் என்ற பேச்சு என் பக்கம் வராது.

பாலக்கோடு பெரியவர்:

தம்பிக்கு வணக்கம். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பகுதி மண்டபங்களில் மொய் மேசையில் உட்கார்ந்து எழுதுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மேசையில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நெருக்கம் எவ்வளவு என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் அறிய வேண்டியது, அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது உண்மையில் எவ்வளவு என்பதுதான். உங்கள் கையில் இருக்கும் இரண்டு நோட்டுகளும் வந்ததை மட்டுமே சொல்லும். உங்கள் அப்பா மற்ற வீடுகளுக்குப் போய் எழுதியது அந்தந்த வீட்டு நோட்டுகளில்தான் இருக்கும். பத்திரிகையில் அச்சிட்டிருப்பது இளைய மகள் என்றால் மூத்த மகளுக்கு எப்போதோ திருமணம் நடந்திருக்க வேண்டும், அதற்கு உங்கள் அப்பா வெறுங்கையோடு போயிருக்க மாட்டார். அதைத் தெரிந்துகொள்ளாமல் 2,002 என்று கூட்டுவது ஒரு பக்கக் கணக்கு.

அந்தக் காலத்துப் பெரியவர்கள் திருப்பிச் செய்த மொய்யைத் தங்கள் நோட்டிலேயே குறித்து வைப்பார்கள். 2009 நோட்டில் அவருடைய 501-க்கு எதிரே ஒரு கீற்றோ, வேறு மையில் ஓர் எண்ணோ, ஆண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள். ஓரங்களில் இருக்கும் குறிகள் மங்கிவிடும், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கிராம்கணக்கு நண்பர் சொல்வது நகைக்குப் பொருந்தும், பணத்துக்குப் பொருந்தாது. அரைப் பவுன் வாங்கியவர்கள் திருப்பிச் செய்யும்போது நான்கு கிராம் என்றுதான் நினைப்பார்கள், அன்றைக்கு அது என்ன விலை என்று யாரும் பார்ப்பதில்லை. பணம் எழுதியவர் அப்படி எதிர்பார்ப்பதில்லை. 501 எழுதியவருக்குத் தங்க விலையில் பெருக்கிக் கொடுத்தால் அவர் மகிழ்வதற்குப் பதிலாகத் திகைத்துப்போவார். அந்தத் தொகையை அவர் ஒரு நாள் உங்கள் பிள்ளைக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கிருஷ்ணகிரி கிராம்கணக்கு:

தங்கம் வேண்டாமென்றால் வங்கி வட்டியையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டி என்று வைத்தாலும் ஐந்நூறு ரூபாய் பதினைந்து ஆண்டுகளில் 1,380 ரூபாய் ஆகிறது. இதையும் கணக்கில் எடுக்கக் கூடாதென்றால், முதலில் எழுதியவர்தான் எப்போதும் நட்டப்படுவார்.

அரூர் அக்கா:

நீங்கள் சொல்லும் நட்டம் உண்மைதான், ஆனால் அதை ஈடுகட்டவே நாம் கூட்டிச் செய்கிறோம். எங்கள் பக்கம் வந்த தொகையை வந்தபடியே திருப்பி எழுதினால், இத்தோடு உறவுக் கணக்கு முடிந்தது என்று அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஆயிரம் வந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று எழுதுவோம். அந்தக் கூடுதல் பகுதி புது மொய், அதை அவர்கள் அடுத்து நமக்குச் செய்ய வேண்டும். இப்படி மாறிமாறிக் கூடிக்கொண்டே போவதால் விலைவாசி தானாகவே அதற்குள் வந்துவிடுகிறது. யாரும் வட்டி போட்டுப் பார்ப்பதில்லை.

தம்பி கேட்ட நெருக்கம் என்பது இந்தக் கூடுதலில்தான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். பழைய பாக்கி யாராக இருந்தாலும் பாக்கிதான். அதன்மேல் ஐந்நூறு கூட்டுவதா, இரண்டாயிரம் கூட்டுவதா என்பதை உறவு முடிவு செய்யும்.

காரிமங்கலத்தான்:

பெரியவர் சொன்னபடி நோட்டை வாசலில் வைத்துப் பார்த்தேன். 501-க்கு எதிரே பென்சிலில் ஒரு கீற்றும் '2014 – 1001' என்ற குறிப்பும் அப்பா கையெழுத்தில் இருக்கின்றன. அம்மாவிடம் கேட்டபோது அது மூத்த மகள் திருமணம்தான் என்றும், அந்த ஆண்டு மாங்காய் விற்ற பணம் கையில் இருந்ததால் அப்பா ஆயிரத்து ஒன்று எழுதினார் என்றும் சொன்னார். அப்படியானால் இப்போது எவ்வளவு பாக்கி?

பாலக்கோடு பெரியவர்:

இனி கணக்கு எளிது. 2009-இல் அவர் 501 எழுதினார். 2014-இல் உங்கள் அப்பா 1,001 எழுதியபோது அந்த 501 தீர்ந்து, உங்கள் பக்கத்திலிருந்து 500 புது மொய்யாகப் போனது. 2018-இல் அவர் 1,501 எழுதியபோது அந்த 500-ஐத் தீர்த்து, 1,001-ஐப் புதிதாக வைத்தார். ஆகவே இன்று நீங்கள் திருப்ப வேண்டியது 1,001.

ஆனால் இந்தக் கழித்தல் கணக்கை எல்லோரும் போடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் கடைசியாக எழுதிய தொகையை மட்டும் மனத்தில் வைத்திருப்பார்கள். நாம் 1,501 எழுதினோம், அவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்றுதான் இரவில் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். 1,001-ஓடு ஐந்நூறு கூட்டி 1,501 எழுதினால் உங்கள் கணக்குப்படி அது கூட்டிச் செய்தது, அவர்கள் கணக்குப்படி வந்ததை அப்படியே திருப்பியது. 2,001 எழுதினால் எப்படிப் பார்த்தாலும் கூடுதலாகத்தான் தெரியும். நண்பர் வீட்டுக்கு என் யோசனை 2,001.

காரிமங்கலத்தான்:

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது அவர் எங்கள் மாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் 5,001 எழுதலாமா என்று கேட்டேன். நெருக்கத்துக்குத் தகுந்தபடி எழுத வேண்டும் என்றால் அவருக்கு 2,001 குறைவாகத் தோன்றுகிறது.

அரூர் அக்கா:

உங்கள் எண்ணம் நல்லது, ஆனால் அதை மொய் நோட்டில் காட்ட வேண்டாம். அவர் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுப் பிழைப்பவர் என்றால், 5,001 என்று மேசையில் எழுதிய நாளிலிருந்து அது அவருக்கு ஒரு சுமை. உங்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போது அந்த நான்காயிரத்துக்கு அவர் எங்கேயாவது கைமாற்று வாங்கிக்கொண்டு வருவார், அல்லது வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார். இரண்டுமே உங்கள் அப்பாவின் நட்புக்கு நல்லதல்ல.

நன்றிக்காகச் செய்ய விரும்பினால் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே போய், இரண்டு மூட்டை அரிசியோ எண்ணெயோ வாங்கித் தருகிறேன் என்று கேளுங்கள், அல்லது கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அதை எந்த நோட்டிலும் எழுத மாட்டார்கள், திருப்பிக் கேட்பாரும் இல்லை. திருமணத்தன்று வரிசையில் நின்று 2,001 மட்டும் எழுதுங்கள்.

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்:

இவ்வளவு கணக்குப் பார்ப்பதற்குப் பதிலாக எல்லோரும் பொருளாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காது. பொருளுக்கு யாரும் பாக்கி பார்ப்பதில்லை. என் திருமணத்தில் நண்பர்கள் கொடுத்த மிக்சியை இன்றும் பயன்படுத்துகிறோம், மொய்யாக வந்த பணம் சமையல்காரருக்கும் மண்டப வாடகைக்கும் போய்விட்டது. உங்கள் வேலையிட நண்பருக்கும் அப்படியே செய்யுங்கள். ஆளுக்கு ஐந்நூறு போட்டுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஆறாயிரம் ஆகிறது. தம்பதியிடமே கேட்டு, புது வீட்டுக்கு என்ன இல்லையோ அதை வாங்கிவிடலாம்.

பாலக்கோடு பெரியவர்:

வேலையிடத்துக்கு நீங்கள் சொல்வது சரியானது. அங்கே வீட்டுக்கு வீடு நோட்டு கிடையாது, நாளை யார் எந்த ஊருக்கு மாறுவார்கள் என்பதும் தெரியாது. ஆகவே சேர்ந்து ஒரே பொருளாகக் கொடுப்பதுதான் பொருத்தம்.

ஊர்த் திருமணத்தில் அப்படி இல்லை. மேசையில் பணத்துக்கு ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று வரிசையாக எழுதுவோம். பொருள் வந்தால் மேடையிலேயே வாங்கி, பின்னால் அடுக்கிவிடுவார்கள். மேசைக்குத் தகவல் வருவதே அரிது. வந்தாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாத்திரம் 1' என்று எழுதுவோம், விலை எழுத மாட்டோம். வண்ணக் காகிதம் சுற்றியிருக்கும்போது உள்ளே என்ன என்பது எழுதுபவனுக்கு எப்படித் தெரியும்? நான்காயிரம் ரூபாய்ப் பொருளைக் கொடுத்த வீடும் நானூறு ரூபாய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்த வீடும் அந்தப் பக்கத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே பழைய பண மொய் பாக்கியிருக்கும் வீட்டுக்குப் பொருள் மட்டும் கொடுத்தால் அந்தப் பாக்கி அப்படியே நிற்கும். இதைத் தவிர்க்கச் சிலர் பொருளோடு 101 ரூபாய் உறையும் கொடுத்துப் பெயரை எழுதவைக்கிறார்கள். இது அதைவிட மோசம். சில ஆண்டுகள் கழித்துப் பொருள் மறந்துபோகும், 101 மட்டும் எழுத்தில் நிற்கும். அதைப் பார்த்து அவர்கள் 201 திருப்பி எழுதும்போது நமக்கு மனத்தாங்கல் வரும்.

ஊத்தங்கரை கணக்காளர்:

இதில் சட்டமும் ஒன்று சொல்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, மணமக்களுக்கு வரும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். அதில் பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினரானால் என்ன உறவு ஆகியவை இருக்க வேண்டும். மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலை யாராவது உண்மையாகவே எழுதினால் பெரியவர் சொல்லும் 'பாத்திரம் 1' சிக்கலே வராது. நான் போன திருமணங்களில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

காரிமங்கலத்தான்:

மாமா வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். அவர் செய்த அரைப் பவுனை நான் திருப்பிச் செய்ய வேண்டுமா? இன்றைய விலையில் ஒரு கிராம் வாங்கினாலே நான் ஒதுக்கியதில் பெரும்பகுதி போய்விடும், செய்கூலியும் சேதாரமும் தனி. அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் தம்பி வீட்டுத் திருமணத்தில் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருப்பது தெரிகிறது.

பாலக்கோடு பெரியவர்:

தாய்மாமன் சீர் என்பது அக்காள் பிள்ளைகளுக்கு அவர் செய்ய வேண்டிய முறை. தோடும் புடவையும் தட்டுகளும் உங்கள் திருமணத்தில் போட்ட மோதிரமும் அந்த வகையில் வந்தவை. அவற்றுக்குத் திருப்பி என்று எதுவும் கிடையாது. அவர் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மாமன் செய்வார், அதாவது உங்கள் அத்தையின் அண்ணனோ தம்பியோ செய்வார். உங்கள் நோட்டில் பாக்கியாக நிற்பது அவர் எழுதிய 5,001 மட்டுமே.

அரூர் அக்கா:

பெரியவர் மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முறைப்படி திருப்ப வேண்டியதில்லை என்பது சரி. ஆனால் மணப்பெண்ணுக்கு அத்தை என்ற இடத்தில் தம்பியின் அம்மா நிற்கிறார். தோடு வாங்கிக்கொண்ட வீட்டிலிருந்து வெறும் உறை மட்டும் வந்தால் மாமா கேட்க மாட்டார், பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள். பொருள் தேவைப்படும் இடம் இதுதான். அந்தப் பொருள் தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அத்தையிடம் நேரடியாகக் கேளுங்கள். பெண்ணுக்கு வாங்க வேண்டிய சாமான்களுக்கு அவர்கள் இதற்குள் பட்டியல் எழுதியிருப்பார்கள். அதில் இன்னும் வாங்காமல் இருப்பதில் உங்களால் முடிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஐயாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். பித்தளைக் குத்துவிளக்கு ஒரு சோடி என்றாலும் நன்றாக இருக்கும். கேட்காமல் வாங்கினால் அந்த வீட்டில் மூன்றாவது கிரைண்டராகப் போய் நிற்கும். அதைச் சீர்த்தட்டுகளோடு சேர்த்து அம்மா கையால் சபையில் வைக்கச் சொல்லுங்கள், மேடையில் வரிசையில் நின்று கொடுக்க வேண்டாம். பணம் தனியாக மேசையில் 6,001 எழுதுங்கள். சொந்தத் தம்பி வீட்டில் கணக்கு முடிந்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்றாலும் 5,001-ஐ அப்படியே திருப்புவது பார்வைக்குச் சரியாக இருக்காது.

காரிமங்கலத்தான்:

அத்தையிடம் பேசினேன். கிரைண்டர்தான் இன்னும் வாங்கவில்லையாம். அக்காவும் அதில் பாதி தருவதாகச் சொல்லிவிட்டார், தோடு போட்டுக்கொண்டவர் அவர்தானே. ஆகவே என் பங்கு 2,500. மாமா வீட்டு மொய் 6,001, நண்பர் வீட்டுக்கு 2,001, வேலையிடத்துக்கு 500. பெரியப்பா வீட்டுக்கு 2,001-ஓடு ஐந்நூறு கூட்டி 2,501. மொத்தம் 13,503 ஆகிறது. மீதமிருப்பதை நண்பர் வீட்டுக்கு அரிசியாகக் கொடுத்துவிடலாம்.

பர்கூர் மாமா:

தம்பி, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா இருந்தவரை நான்கு பிள்ளைகளின் மொய்யும் ஒரே நோட்டு. பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தோம், கிணற்றில் முறை வைத்தோம், மொய் நோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பெரியவனான என்னிடமே நின்றுவிட்டது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அப்பா பெயரில் வந்த பழைய மொய்யை நான் ஒருவனே திருப்பினேன், தம்பிகள் தங்கள் பெயரில் புதிதாக நூறும் இருநூறும் எழுதிவிட்டு வந்தார்கள். இப்போது என் பேத்திக்குச் சடங்கு வைத்தபோது வந்தவர்கள், உங்கள் வீட்டு மொய்யைத்தான் உங்கள் தம்பி வீட்டு விசேஷத்தில் செய்துவிட்டோமே என்றார்கள்.

காரிமங்கலத்தான்:

அண்ணன் ஒருவர் இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தனிக்குடித்தனம் போனார். அவருடைய திருமணம் கோயிலில் எளிமையாக நடந்ததால் மொய் எழுதவில்லை.

பாலக்கோடு பெரியவர்:

பர்கூர்க்காரர் சொன்னது பல வீடுகளில் உள்ள வழக்குதான். எங்கள் பகுதியில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். யாருடைய திருமணத்துக்கு வந்த மொய்யோ அதை அவரே திருப்ப வேண்டும் என்பது ஒன்று. அப்பா பெயரில் வந்தது குடும்பத்துக்கு வந்தது, அந்தப் பணத்தில்தான் திருமணக் கடன் அடைந்தது, ஆகவே பெயர்ப்பட்டியலைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதல் முறைப்படி 2018 நோட்டில் இருப்பவை உங்களுடையவை. அப்பா காலத்து மற்ற பாக்கிகளோ, அதாவது அக்கா திருமணத்தில் வந்து இன்னும் திருப்பாதவை, இருவருக்கும் பொது. மாமாவின் 5,001 அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அண்ணன் பங்கு தருகிறாரோ இல்லையோ, எழுதும் முறையில் கவனம் வேண்டும். அந்த வீட்டார் தங்கள் நோட்டில் உங்கள் அப்பா பெயரைத்தான் தேடுவார்கள். உறையில் உங்கள் பெயரை மட்டும் எழுதினால் இது பழைய மொய்க்கு எதிரானதா, புதியவர் ஒருவர் எழுதியதா என்று அவர்களுக்குத் தெரியாது. காரிமங்கலம் என்று ஊரை முதலில் எழுதி, அப்பா பெயரையும் மகன் என்று உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கைப்பேசியில் அனுப்பினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் வரும், ஊர் வராது. அப்படி வந்த தொகைகள் யாருடையவை என்று விடியும்வரை உட்கார்ந்து தேடியிருக்கிறோம். அனுப்பினாலும் மேசைக்கு வந்து பெயரைச் சொல்லி எழுதவைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்:

அண்ணன் திருமணத்துக்கு மொய்யே வாங்கவில்லை என்னும்போது அவரிடம் பங்கு கேட்பது எந்த வகையில் நியாயம்? அக்கா திருமணச் செலவுக்கு வந்த பணம் அவர் கைக்குப் போகவில்லையே.

பர்கூர் மாமா:

தம்பி கைக்கும்தான் போகவில்லை. 2009-இல் இருவரும் பிள்ளைகள். அக்கா இருவருக்கும் அக்காதான்.

காரிமங்கலத்தான்:

அண்ணனிடம் பேசினேன். மாமா வீட்டு 6,001-இல் பாதியைத் தருகிறேன், ஆனால் இருவர் பெயரும் உறையில் இருக்க வேண்டும் என்றார். அண்ணிக்கு அதில் விருப்பமில்லை. இருவர் பெயரில் ஒரே மொய்யாகப் போனால் நாளை மாமா யார் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்புவார், தங்கள் மகளின் சடங்கு முதலில் வருமா, என் மகனின் காதணி முதலில் வருமா என்று கேட்கிறார். தனித்தனியாக 3,001, 3,001 என்று எழுதினால் மாமாவின் 5,001-க்கு எதிரே எந்தத் தொகையும் முழுதாக நிற்காதே என்று அம்மா வருத்தப்படுகிறார். முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருக்கின்றன. இப்படி இரண்டு உறைகளாக வரும் மொய்யை மேசையில் எப்படி எழுதுகிறீர்கள், ஐயா?

பாலக்கோடு பெரியவர்:

இரண்டு உறைகளையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் அடுத்தடுத்த வரிகளில் எழுதி, பக்கத்தில் ஓர் அடைப்பு போட்டு, உங்கள் அப்பா பெயரை ஒரு முறை எழுதுவேன். மாமா புரட்டும்போது ஒரே வீட்டிலிருந்து 6,002 வந்தது என்று தெரியும். அவர் அதை யாருக்கு முதலில் திருப்புவார் என்று உங்கள் அண்ணி கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அதை மாமாவிடம்தான் கேட்க வேண்டும்.